சிறுகதை: தம்ப் மெஷின் (நைட் டூட்டி சிஸ்டர்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்)

மேலரதவீதி

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் நர்ஸ் வேலையில் இருக்கிறார்கள். மூவர் கையும் ஒரே மாதிரி வெடித்திருக்கும். அதை வைத்து இந்தக் கதையை எழுதினேன். ஊர் திருநெல்வேலி, ஆஸ்பத்திரி கற்பனை. உங்களிடம் கேட்பது இரண்டு. வார்டில் இது இப்படித்தான் நடக்குமா? முடிவு நம்பும்படி இருக்கிறதா?

இரவு எட்டு மணி டூட்டிக்கு வந்த மல்லிகா கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தாள். அதே பதில். ஆள்காட்டி விரலுக்கும் அதே. கடைசியில் வாட்ச்மேன் அண்ணன் நோட்டைத் தள்ளினார். "கையெழுத்தே போட்டுருங்க சிஸ்டர். உங்க விரல்ல ரேகையே இல்ல."

ரேகை இருந்த இடத்தில் வறண்ட செதில்தான் இருந்தது. கட்டைவிரல் மடங்கும் இடத்தில் நெல்மணி நீளத்துக்கு ஒரு வெடிப்பு. ஆம்ப்யூல் கழுத்தை உடைக்கும்போதெல்லாம் அது வாய் திறந்தது. க்ளவுஸைக் கழற்றினால் உள்ளே ரத்தப் பொட்டு. வீட்டில் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டு நாளாயிற்று.

முதல் கட்டிலில் பிரஷர் பார்த்தாள். ஆல்கஹால் ஹேண்ட் ரப் பாட்டிலை அழுத்தப் போன கை பாதியில் நின்றது. போன வாரம் அது எரிந்த எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதிலிருந்து அவள் சிங்க்குக்குத்தான் போகிறாள். ஏசி குளிருக்கு கீஸர் தண்ணீர் இதமாக இருந்தது. சோப்பு எரியவில்லை. நன்றாக நுரைக்கத் தேய்த்தாள், கையை உதறினாள், ஈரத்தோடு க்ளவுஸை இழுத்து மாட்டிக்கொண்டு இரண்டாம் கட்டிலுக்குப் போனாள். அங்கே வேலை முடிந்ததும் மறுபடி சிங்க்.

ஒரு மணிக்கு மேல் வார்டு அடங்கியது. சகாயமேரி அக்கா சார்ட் எழுதிக்கொண்டே கேட்டாள். "ஏட்டி, கட்டிலுக்குக் கட்டில் தொட்டிக்கு ஓடுதியே, என்ன விஷயம்?"

"ரப் போட்டா உயிர் போகுதுக்கா. சோப்புதான் ஒத்துக்குது."

அக்கா பேனாவை மூடினாள். மல்லிகாவின் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே திருப்பினாள். முட்டிகளில் சிவப்பு. விரல் இடுக்குகளில் வெள்ளைச் செதில். மோதிரம் கிடந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் தீய்ந்த மாதிரி கருத்திருந்தது.

"ரப் எரியுதுன்னா தோல் ஏற்கனவே கிழிஞ்சு கெடக்குன்னு அர்த்தம். கிழிச்சது யாரு? நீ ஒத்துக்குதுன்னு சொல்லுத சோப்பும் சுடுதண்ணியும்தான்."

மல்லிகாவுக்கு நம்பிக்கை வரவில்லை. எரிவது நல்லது, எரியாதது கெட்டது என்றால் எப்படி?

அக்கா வாதாடவில்லை. மூன்று மணி ரவுண்டில் கூடவே வந்தாள். இரண்டாம் கட்டில் பெரியவருக்கு நாடி பார்த்ததும் "கையில அழுக்கு தெரியுதா?" என்றாள். இல்லை. "அப்ப ரப்." எரிந்தது. காயும்வரை கையை ஆட்டாமல் நிற்கச் சொன்னாள். ஏழாம் கட்டிலில் பேதி நோயாளி. அங்கே சிங்க்குக்கு அவளே கூட்டிப் போனாள். "இங்க மட்டும் சோப்பு. சுடுதண்ணி வேண்டாம். முதல்ல கைய நனை, அப்புறம் சோப்பு." துடைக்கும்போது டிஷ்யூவைத் தேய்க்க விடவில்லை. ஒற்றி எடுக்கச் சொன்னாள், இடுக்குகள் உட்பட. "இப்ப மேல ரப் போடாத. ரெண்டுல ஒண்ணுதான். கை நல்லா காஞ்சப்புறம் க்ளவுஸ மாட்டு."

காலையில் மோதிரத்தைக் கழற்றி மணிபர்ஸில் போடச் சொன்னாள். தோல் டாக்டரின் ஓபியில் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள், இரவுக்கு ஒரு முறை, குறிப்பிட்ட நாள் மட்டும். மற்றதெல்லாம் மல்லிகா செய்ய வேண்டியது. டூட்டி ஏறும்போது, சாப்பிட்டு முடித்ததும், இறங்கும்போது என்று மூன்று வேளை பம்ப் பாட்டில் லோஷன். வீட்டில் குளித்துத் துவட்டிய கையில் பெட்ரோலியம் ஜெல்லி, மேலே பருத்திக் கையுறை, பிறகு பகல் தூக்கம். மாமியார் முதல் நாள் கையுறையைப் பார்த்துவிட்டு "வீட்லயும் டூட்டியா?" என்றார். பாத்திரம் விளக்கும் வேலையை மாமியார் எடுத்துக்கொண்டது மூன்றாம் நாள்.

இரண்டு வாரம் கழித்து மெஷின் "நன்றி" என்றது.

தனம்_ஐசியூ

தம்ப் மெஷின் நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் இடத்தில் ரேகை விழாமல் ஆப்சென்ட் விழுந்து, மாசக் கடைசியில் எச்.ஆரிடம் போய் நின்றவர்கள் உண்டு. எரிச்சலுக்குப் பயந்து சிங்க்குக்கு ஓடுவதும் அப்படியே நடப்பதுதான். புதுப் பிள்ளைகள் எல்லாரும் செய்வார்கள்.

நம்ப முடியாதது ஒன்று இருக்கிறது. சகாயமேரி அக்கா ஒரு ரவுண்டு முழுக்கக் கூட நடந்தாள் என்கிறீர்கள். இரண்டு பேர் பார்க்கும் வார்டில் மூன்று மணிக்கு அதற்கு ஏது நேரம்? அந்த நேரத்தில்தான் சுகர் பார்க்கணும், ஆன்டிபயாடிக் போடணும், யாராவது ஒருவர் டிரிப் ஊசியைப் பிடுங்கி வைத்திருப்பார்.

பொன்ராஜ்_மெடிக்கல்ஸ்

கதை நல்லா இருக்கு. ஆனால் சோப்பைக் குற்றவாளி ஆக்குவது சரியில்லை. தோலை உலர்த்துவது ஆல்கஹால்தான், தரையில் ஊற்றினால் நொடியில் காய்ந்து போகிறதே. மல்லிகாவுக்கு ஆல்கஹால் இல்லாத சானிடைசர் வாங்கிக் கொடுத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். கிளிசரின் உள்ளதாகப் பார்த்து வாங்குவது முக்கியம். கூடவே ஒரு டியூப், பூஞ்சை, கிருமி, அரிப்பு மூன்றுக்கும் சேர்ந்தது. எங்கள் கடையில் நர்ஸ்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள், இரண்டே நாளில் கேட்கும்.

ரிடையர்டு_தொற்றுத்தடுப்பு

தொற்றுத்தடுப்பு நர்ஸாகப் பல வருஷம் வார்டு வார்டாகக் கை பார்த்தவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பொன்ராஜ் தம்பி சொன்னதில் கிளிசரின் விஷயம் சரி. உலக சுகாதார நிறுவனம் ஆஸ்பத்திரிகளே தயாரித்துக்கொள்ளக் கொடுத்த கலவையில் எத்தனால் 80 சதவீதம், கிளிசரால் 1.45 சதவீதம். அந்தக் கொஞ்சம் கிளிசரால் சேர்ப்பதே கைக்காகத்தான். அதைக் கூட்டிக்கொண்டே போனால் கை பிசுபிசுக்கும், யாரும் போட மாட்டார்கள்.

ஆனால் காரணத்தில் அவர் தடம் மாறிவிட்டார். தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பது அதுதான். சோப்பு அதைக் கரைத்துத் தண்ணீரோடு சாக்கடைக்கு அனுப்பிவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் வேகமாக. ஆல்கஹாலும் அந்தக் கொழுப்பைக் கலைக்கும். ஆனால் நாம் கழுவிவிடுவதில்லை, தேய்த்துக் காய விடுகிறோம். அதனால் பெரும்பகுதி கையிலேயே தங்கிவிடுகிறது. சோப்புப் போட்டதுமே மேலே ரப்பும் போடுவது இரண்டையும்விட மோசம்.

எரிச்சல்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. முழுத் தோலில் ரப் எரியாது. வெடித்த தோலில் எரியும். எரிந்ததும் சோப்புக்கு ஓடினால் வெடிப்பு கூடும், அடுத்த முறை ரப் இன்னும் எரியும். இந்தச் சுழலில் வருஷக்கணக்கில் சிக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கதையில் இதைப் பிடித்திருக்கிறீர்கள், அதற்காகவே மூன்று முறை படித்தேன்.

ஆல்கஹால் இல்லாததை நோயாளியைத் தொடும் கைக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆஸ்பத்திரிக் கிருமிகளுக்கு ஆல்கஹால் போல அது வேலை செய்யாது. அப்புறம் அந்த டியூப். தம்பி, இரண்டு நாளில் கேட்கிறது என்றால் அதில் இருக்கும் ஸ்டீராய்டு வேலை செய்கிறது. அரிப்பு அடங்கும், சிவப்பு போகும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து முன்னைவிடச் சுலபமாகக் கிழியும். கதையில் டாக்டர் நாள் குறித்துக் கொடுத்ததாக வருகிறது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

தனம் கேட்டதும் நியாயம்தான். ஆனால் ரப் நேரத்தை மிச்சப்படுத்தும். சரியாகச் செய்தால் ரப்புக்கு 20 முதல் 30 வினாடி, சோப்புக் கழுவலுக்கு 40 முதல் 60. சிங்க்குக்கு நடக்கும் நேரம் தனி.

பொன்ராஜ்_மெடிக்கல்ஸ்

ஸ்டீராய்டு பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் அம்மா. ஆனால் சீட்டு கொண்டுவா என்றால் அவர்கள் அடுத்த கடைக்குப் போகிறார்கள். நைட் டூட்டி முடித்துவிட்டு ஓபி வரிசையில் நிற்க யாருக்கும் தெம்பு இல்லை.

கொத்தனார்_முருகேசன்

எனக்கும் கை இப்படித்தான் வெடிக்கும். சிமெண்ட் வேலை. உள்ளங்கை முழுக்கப் பாளம் பாளமாக, அரிப்பு தாங்காது. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டால்கூட அரிக்கிறது. இந்த ஹேண்ட் ரப்பை நான் தினமும் போட்டால் ஆறுமா? எது நல்ல கம்பெனி?

ரிடையர்டு_தொற்றுத்தடுப்பு

முருகேசன் தம்பி, ரப் மருந்து இல்லை. நோயாளியைத் தொடுகிறவர்கள் கிருமி போகப் போடுவது. உங்கள் கையில் அது எரிச்சல்தான் தரும். சிமெண்ட் காரம், அதுவே தோலை அரிக்கும். அதோடு சிமெண்டில் குரோமியம் உப்பு உண்டு. சிலருக்கு அது ஒவ்வாமை ஆகிவிடும். வேலை இல்லாத நாளிலும் அரிக்கிறது என்கிறீர்கள், அதனால் தோல் டாக்டரிடம் போய் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். முதுகில் சின்னச் சின்ன ஒட்டு ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். மல்லிகாவின் கதையை வைத்து உங்கள் கைக்கு வைத்தியம் பண்ணாதீர்கள்.

ரேவதி_டயாலிசிஸ்

இந்த இடத்தில் என்னுடையதையும் சொல்கிறேன். மல்லிகாவுக்கு முட்டியிலும் இடுக்கிலும் வருகிறது. எனக்குப் புறங்கையில் தொடங்கி, க்ளவுஸ் முடியும் இடத்தில் கோடு போட்ட மாதிரி மணிக்கட்டில் நிற்கிறது. வெடிப்பு கொஞ்சம்தான், அரிப்பும் நீர்க் கொப்புளமும் அதிகம். லேடெக்ஸ் அலர்ஜி என்று சொல்லி நைட்ரைல் க்ளவுஸ் கொடுத்தார்கள். அதிலும் நிற்கவில்லை. சோப்பைக் குறைத்தேன், லோஷன் போட்டேன், ஒன்றும் மாறவில்லை.

ரிடையர்டு_தொற்றுத்தடுப்பு

ரேவதி, அந்தக் கோடுதான் பெரிய துப்பு. சோப்பால் வருவது பெரும்பாலும் விரல் இடுக்கில், மோதிரத்துக்கு அடியில், முட்டியில் தொடங்கும், ஏனென்றால் ஈரம் தங்குவது அங்கே. க்ளவுஸ் எல்லையோடு நிற்பது க்ளவுஸைச் சந்தேகிக்க வைக்கிறது. லேடெக்ஸ் புரதத்துக்கு ஒவ்வாமை என்றால் மாட்டின சில நிமிஷத்தில் தடிப்பு வரும், சிலருக்குத் தும்மல், மூச்சிரைப்பு வரை போகும். உங்களுக்கு ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக் கொப்புளம் வருகிறது என்றால், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ரசாயனமாக இருக்கலாம். அது நைட்ரைலிலும் உண்டு. அதனால்தான் மாற்றியும் நிற்கவில்லையோ என்று நினைக்கிறேன். அந்த ரசாயனம் சேர்க்காத க்ளவுஸ் கிடைக்கிறது. ஆனால் பேட்ச் டெஸ்ட் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது, என்னாலும் முடியாது.

ரேவதி_டயாலிசிஸ்

மாட்டின உடனே ஒன்றும் இல்லை. மறுநாள் சாயங்காலம்தான் கொப்புளம் வரும். டெஸ்டுக்கு லீவு கேட்டுப் பார்க்கிறேன். அந்த க்ளவுஸை ஆஸ்பத்திரி வாங்கித் தருமா என்பது அதற்கு மேல் கேள்வி.

வாசகன்_பாளை

கதையாகப் பார்த்தால் மோதிரம் கிடந்த வட்டமும், "கையில அழுக்கு தெரியுதா?" என்ற கேள்வியும் நன்றாக விழுந்திருக்கின்றன. மாமியாரையும் பிடித்தது. அவர் வாயால் பாசம் பேசவில்லை, பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

முடிவுதான் இடிக்கிறது. இரண்டு வாரத்தில் மெஷின் நன்றி சொல்லிவிட்டது. மல்லிகா இனிமேல் என்ன செய்வாள்? லோஷனை நிறுத்திவிடுவாளா? கதை அங்கே சுலபமாகக் கதவைச் சாத்துகிறது.

தனம்_ஐசியூ

நிச்சயம் நிறுத்திவிடுவாள். நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம். கை ஆறினதும் லோஷன் பாட்டில் லாக்கரில் தூங்கும். அடுத்த மாச நைட்டில் பழையபடி வெடிக்கும்.

ரிடையர்டு_தொற்றுத்தடுப்பு

தனம் சொன்னது மருத்துவத்துக்கும் பொருந்தும். வெடிப்பு மூடுவது வேறு, அந்தக் காப்பு அடுக்கு பழையபடி தேறுவது வேறு. பார்வைக்கு நன்றாகிவிட்ட கை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நோஞ்சானாகவே இருக்கும். இரண்டு வாரத்தில் ரேகை விழலாம். அதே வாரம் லோஷனை நிறுத்தி நான்கு நாள் சுடுதண்ணீர் சோப்புப் போட்டால் மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு சின்ன விஷயம். பெட்ரோலியம் ஜெல்லியை வீட்டோடு வைத்திருக்கிறீர்கள், அது ரொம்பச் சரி. வார்டில் அதைப் பூசிக்கொண்டு லேடெக்ஸ் க்ளவுஸ் மாட்டினால் க்ளவுஸ் நலிந்து கிழியும். டூட்டியில் தண்ணீர் சேர்ந்த லோஷன்தான். பம்ப் பாட்டில் என்று எழுதினதும் சரி. ஒரே டப்பாவில் ஆளாளுக்கு விரல் விட்டால் கிருமியைப் பகிர்ந்துகொள்கிற மாதிரி.

சாந்தி_வெள்ளூர்

எங்கள் பாட்டி தேங்காய் எண்ணெய்தான் வைப்பார். அதில் என்ன குறை? மஞ்சளும் எலுமிச்சையும் சேர்த்தால் கிருமியும் சாகும்.

ரிடையர்டு_தொற்றுத்தடுப்பு

வீட்டில் படுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவுவதில் தப்பில்லை. ஒன்றுமே தடவாததற்கு அது எவ்வளவோ மேல். டூட்டியில் வேண்டாம், க்ளவுஸுக்கு ஆகாது. எலுமிச்சையை வெடித்த கையில் தயவுசெய்து வைக்காதீர்கள். அது புளிப்பு, புண்ணைக் கிளறும்.

தனம்_ஐசியூ

இன்னொன்று கேட்கணும். வெடிப்பில் நீர் வடிகிறது, மஞ்சளாகப் பொருக்குக் கட்டுகிறது என்றால் மல்லிகா டூட்டி பார்க்கலாமா? எங்கள் கண்காணிப்பாளர் "ரெண்டு க்ளவுஸ் போட்டுக்கோ" என்பதோடு சரி.

ரிடையர்டு_தொற்றுத்தடுப்பு

சின்ன வெடிப்பு என்றால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி வேலை பார்க்கலாம். நீர் வடிந்து பொருக்குக் கட்டினால் அங்கே ஸ்டாஃபைலோகாக்கஸ் குடியேறியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கை சென்ட்ரல் லைனைத் தொடக்கூடாது. ஆறும்வரை நோயாளியைத் தொடாத வேலைக்கு மாற்ற வேண்டும். இரட்டை க்ளவுஸ் வேர்வையைக் கூட்டி உள்ளே ஊற வைக்கும், அது தீர்வில்லை.

தனம்_ஐசியூ

மாற்ற வேண்டும் என்பது சரி அம்மா. கான்ட்ராக்ட் நர்ஸ் போய்ச் சொன்னால் "வீட்டில் இரு" என்பார்கள், அந்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதனால்தான் எல்லாரும் கையை மறைக்கிறார்கள்.

ரிடையர்டு_தொற்றுத்தடுப்பு

அதற்கு என்னிடம் பதில் இல்லை தனம். நான் இருந்த இடத்தில் சண்டை போட்டு இரண்டு பேரை ஸ்டோருக்கு மாற்ற முடிந்தது. அவர்கள் பெர்மனென்ட். கான்ட்ராக்ட் பிள்ளைகளுக்கு அதைச் செய்ய முடியவில்லை.

வாசகன்_பாளை

மேலரதவீதி, மல்லிகா கான்ட்ராக்டா, பெர்மனென்டா? கதையில் அது தெரியவில்லை. கான்ட்ராக்ட் என்றால் வாட்ச்மேன் நோட்டில் போடும் அந்தக் கையெழுத்துக்கே வேறு கனம் வந்துவிடுமே.

மேலரதவீதி

எல்லாருக்கும் நன்றி. மல்லிகா கான்ட்ராக்ட்தான். அதை எழுதாமல் விட்டேன், இப்போது சேர்க்கிறேன். முடிவை நீட்டியிருக்கிறேன். கடைசி வரிக்குப் பதிலாக இது:

இரண்டு வாரம் கழித்து மெஷின் "நன்றி" என்றது. அந்த வாரம் அவள் லோஷனை மறந்தாள். அடுத்த மாத நைட்டில் மூன்றாம் இரவே விரல் இடுக்கு இழுத்துப் பிடித்தது. வெடிக்கவில்லை, வெடிக்கப் போகும் இழுப்பு. மல்லிகாவுக்கு அது இப்போது தெரிந்தது. பாட்டிலை லாக்கரிலிருந்து எடுத்து மருந்து டிராலியின் கீழ்த்தட்டில், ஸ்பிரிட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சகாயமேரி அக்கா போகிற போக்கில் அதில் ஒரு அழுத்து அழுத்திக்கொண்டாள். விடியற்காலை ஐந்து மணிக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் சிங்க்கில் ஆவி பறக்கத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். "குழாய மூடு, இங்க வா. கையக் காட்டு" என்றாள் மல்லிகா.

தனம்_ஐசியூ

இது நடக்கும். ஆனால் டிராலியில் வைத்த பாட்டில் இரண்டே நாளில் காலியாகிவிடும், எல்லாரும் எடுப்பார்கள். அடுத்த பாட்டிலை மல்லிகா தன் காசில்தான் வாங்குவாள். அதையும் எழுதுங்கள்.